காதில் முத்து இருந்தால் எந்த ஆண்டு? – முகலாய ஓவியங்களில் ஆள் அடையாளம்: உங்கள் அனுபவம் என்ன?

தூரிகை: ஜஹாங்கீர் படம் என்றால் நான் முதலில் காதைத்தான் பார்ப்பேன். 1614-இல் நோயிலிருந்து தேறியவர், அஜ்மீர் சூஃபி ஞானி குவாஜா மொய்னுதீன் சிஷ்தியின் அடிமை என்பதற்கு அடையாளமாகக் காது குத்தி முத்து அணிந்துகொண்டார். அரசவையினரும் பின்பற்றினார்கள். பட்டத்துக்கு வருமுன் அவர் பெயர் சலீம். ஒரு கண்காட்சியில் ‘இளவரசர் சலீம், 1600’ என்று அட்டை வைத்திருந்த படத்தில் முத்து தொங்கியது. பொறுப்பாளரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு நகர்ந்தார்.

நீலமலை: இவ்வளவு எதற்கு? தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் இருந்தால் ஜஹாங்கீர். என் மகனுக்கு அப்படித்தான் காட்டிக் கொடுத்தேன்.

பழஞ்சுவடி: பாதி சரி. ஐரோப்பியர் கொண்டுவந்த கிறிஸ்தவப் படங்களின் தாக்கத்தால் ஒளிவட்டம் ஜஹாங்கீர் காலத்தில் வழக்கமானது. பிறகு ஷாஜஹானுக்கும் ஔரங்கசீப்புக்கும், ஏன், காலமான அக்பருக்கும்கூட வரைந்தார்கள். தாடியையும் சேர்த்துப் பாருங்கள்: ஜஹாங்கீருக்கு மீசையும் கிருதாவும் மட்டும், ஷாஜஹானுக்குத் தாடி.

வாஷிங்டனில் பிசித்திர் வரைந்த ஓவியத்தின் முன் வெகுநேரம் நின்றேன். ஜஹாங்கீர் மணற்கடிகார ஆசனத்தில் அமர்ந்து சூஃபி ஞானி ஒருவருக்குப் புத்தகம் கொடுக்கிறார். ஞானிக்குக் கீழே துருக்கி சுல்தான், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ், கடைசியில் ஓர் ஓவியர். ஜேம்ஸின் முகம் அச்சு அசலாக இருக்கும். ஆங்கிலேயர் கொண்டுவந்த உருவப்படத்தைப் பார்த்து வரைந்தது. சுல்தானோ பொதுவான ஒரு துருக்கியர், இன்ன சுல்தான் என்று சொல்ல முடியாது. ஓவியரின் அங்கி இடப்பக்க அக்குளில் முடிச்சிட்டிருக்கிறது. இந்துக்கள் இடப்பக்கமும் முஸ்லிம்கள் வலப்பக்கமும் கட்டுவது அக்கால வழக்கம். அது பிசித்திரே என்கிறார்கள். கையொப்பம் எங்கே தெரியுமா? பேரரசரின் பாதபீடத்தில்!

தூரிகை: முடிச்சை முழுக்க நம்பலாமா?

பழஞ்சுவடி: மூலப் படத்தில் நம்பலாம். படியெடுக்கும் தாளைத் திருப்பிப் போட்டு நகல் எடுத்திருந்தால் முடிச்சும் பக்கம் மாறிவிடும். உங்கள் முத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. பிற்கால ஓவியர் இளம் சலீமை வரையும்போதும் முத்து மாட்டிவிடுவார். ஆகவே அது வரைந்த காலத்தைத்தான் சொல்லும், காட்டப்படும் வயதை அல்ல. அந்தக் கண்காட்சிப் படத்தில் இருப்பவர் சலீமாகவே இருக்கலாம், ஆண்டுதான் இடிக்கிறது.

நீலமலை: பெயர் எழுதியிருந்தால் இந்தத் தலைவலியே இல்லையே.

பழஞ்சுவடி: யார் எழுதியது என்று பார்க்க வேண்டும். கழுத்துப்பட்டையிலோ ஆடை விளிம்பிலோ பொடி எழுத்தில் வண்ணத்தோடு ஒன்றிக் கிடந்தால் நம்பிக்கை வரும். உதிர்ந்த வண்ணத்தின் மேலேயே மை ஓடியிருந்தால், பின்னால் வந்த யாரோ எழுதியது.

காவிரிக்கரை: தஞ்சைப் பெரிய கோயில் உள்சுற்றில் இருப்பது ராஜராஜனும் கருவூர்த் தேவரும் என்றுதானே பள்ளிப் புத்தகத்திலிருந்து படித்துவருகிறோம். அங்கே பெயர் எங்கே எழுதியிருக்கிறது?

பழஞ்சுவடி: எழுதவில்லை. ஊகம்தான். அதே உள்சுற்றில் நடராசரை வணங்கும் அரசரைச் சிலர் ராஜராஜன் என்கிறார்கள், சிலர் சேரமான் பெருமாள் என்கிறார்கள். சேரமான் சுந்தரரின் நண்பர்; பக்கத்திலேயே சுந்தரர் கதை வருவதால் எனக்குச் சேரமான் பக்கம்தான் மனம் சாய்கிறது.

காவிரிக்கரை: எனக்குச் சாயவில்லை. அரசியர் கூடவே நிற்கிறார்களே?