ஃப்ளைட்டில் வளைந்து வந்த வீல்சேர்: ரிப்பேர் காசும் மன்னிப்புக் கடிதமும் கேட்டவர்கள் சொல்லுங்கள்

வண்ணாரப்பேட்டை மகள்
டெல்லியிலிருந்து சென்னைக்கு உள்நாட்டு விமானம். அப்பாவோட மடக்கு வீல்சேர், அலுமினிய ஃபிரேம், 3 வருஷம் முன்னாடி 68,000 ரூபாய்க்கு வாங்கினது. பெல்ட்டுல வந்தப்ப ஒரு கீறல்தான் கண்ணுல பட்டுச்சு. மெட்ரோ ஏறி வண்ணாரப்பேட்டையில இறங்கித் தள்ளும்போதுதான் வலப்பக்கமா இழுக்குதுன்னு தெரிஞ்சது. இது நடந்து 2 நாள் ஆச்சு. ஏர்லைன்ஸ்காரங்க 5,000 ரூபாய் வவுச்சர் தரேன்னு போன்ல சொல்றாங்க. எனக்கு ரிப்பேர் செலவு வேணும், எழுத்துல ஒரு மன்னிப்பும் வேணும். இந்த வழியில போய் வந்தவங்க சொல்லுங்க.

தண்டையார்பேட்டை பட்டறை
அம்மா, முதல்ல எது வளைஞ்சிருக்குன்னு கண்டுபிடிங்க. "இழுக்குது"ன்னு எழுதினா அது பழைய தேய்மானம்னு பதில் வரும். அளந்து எழுதினா அப்படிச் சொல்ல முடியாது.

ஆள் உக்காராம வண்டியை மொசைக் தரையில நிறுத்துங்க. முன்னாடி இருக்கிற சின்ன சக்கரம் ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒரு பேப்பரைச் செருகிப் பாருங்க. எந்தச் சக்கரத்துக்கு அடியில பேப்பர் தடையில்லாம போகுதோ அது தரையைத் தொடல. உடனே முடிவு கட்டிடாதீங்க. வண்டியை அதே இடத்துல எதிர்ப்பக்கமா திருப்பி நிறுத்தி மறுபடி செருகுங்க. அப்பவும் அதே சக்கரம் தூக்கி நின்னா கோளாறு வண்டியில. வேற சக்கரம் தூக்கினா தரைதான் மட்டமில்ல.

அடுத்தது பின் சக்கரம். ரெண்டு ரிம்முலயும் ஆக்சில் உயரத்துல, முன்விளிம்புல சாக்பீஸ் குறி போடுங்க. குறிக்குக் குறி எவ்வளவு தூரம்னு டேப்புல அளங்க. வண்டியை அரைச்சுத்து உருட்டினா அதே குறி பின்னாடி வரும். அங்கேயும் அளங்க. அதே குறியை வச்சு அளக்கிறதால ரிம் நெளிஞ்சிருந்தாலும் கணக்கு கெடாது. மடக்கு வண்டியில ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் ஆட்டம் சகஜம். அஞ்சாறு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தா ஆக்சில் பிடிக்கிற தகடோ ஃபிரேமோ திரும்பியிருக்கு. படுக்க வச்சு மேல பெட்டி அடுக்கினாலும், ஒத்தைச் சக்கரத்தைப் பிடிச்சு இறக்கினாலும் இப்படித்தான் ஆகும்.

கொருக்குப்பேட்டை ரமணி
நீங்க ஏர்போர்ட்டை விட்டு வெளிய வந்துட்டீங்க. பி.ஐ.ஆர், அதாவது ஏர்போர்ட்லயே ஏர்லைன்ஸ் கவுண்டர்ல பதியற லக்கேஜ் சேத அறிக்கை, போடலைன்னா கேஸே நிக்காது. போட்டிருந்தா 1,519 எஸ்.டி.ஆர் வரைக்கும் கிடைக்கும். எஸ்.டி.ஆர்ங்கிறது சர்வதேச நாணய நிதியத்தோட கணக்கு அலகு, நம்ம காசுல ஒண்ணேமுக்கால் லட்சத்துக்கு மேல.

ராயபுரம் வழக்கறிஞர்
ரமணி சார் சொன்னதுல பாதி சரி. அந்தத் தொகை மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி வெளிநாட்டுப் பயணத்துக்கு உண்டானது, 2024 டிசம்பர் 28லிருந்து அமல்ல இருக்கு. வெளிநாட்டு டிக்கெட்டோட தொடர்ச்சியா டெல்லி–சென்னை வந்திருந்தா அது பொருந்தும். தனி உள்நாட்டு டிக்கெட்னா லக்கேஜ் சேதத்துக்கு ஒரு பயணிக்கு 20,000 ரூபாய்தான் உச்சவரம்பு. லக்கேஜா ஏத்தின வீல்சேரையும் அந்தக் கணக்குலதான் சேர்ப்பாங்க.

பி.ஐ.ஆர் இல்லைன்னா கேஸ் செத்துடாது. பொருளைக் கையில வாங்கின நாள்லேர்ந்து 7 நாளுக்குள்ள எழுத்துல புகார் போகணும், அதுதான் கெடு. ஒண்ணும் சொல்லாம வாங்கிட்டுப் போனதால பொருள் நல்லபடியா வந்ததா சட்டம் முதல்ல எடுத்துக்கும். இல்லைன்னு காட்டுற பொறுப்பு உங்க மேல விழுது. அதனால பட்டறைக்காரர் சொன்ன அளவுகளை போட்டோவோட இன்னைக்கே மெயில்ல அனுப்புங்க. போன்ல பேசினது கணக்குல வராது. செக்-இன் பண்ணும்போது எடுத்த போட்டோ இருந்தா சேருங்க, லக்கேஜ் டேக்கைக் கிழிச்சுப் போடாதீங்க.

எண்ணூர் பவர்சேர்
எனக்கு ஜாய்ஸ்டிக் வயர் பிஞ்சு வந்தது. பேட்டரி கழட்டும்போது இழுத்திருக்காங்க. இதுக்கும் 20,000தானா? கன்ட்ரோலர் ஒண்ணே அதைத் தாண்டுமே.

ராயபுரம் வழக்கறிஞர்
உள்நாட்டுன்னா வரம்பு அதேதான். விலை உயர்ந்த வண்டிக்கு ஒரு வழி உண்டு. லக்கேஜை ஒப்படைக்கும்போதே அதோட மதிப்பைச் சிறப்பு அறிவிப்பா எழுதிக் கொடுத்து, அவங்க கேக்கிற கூடுதல் கட்டணத்தைக் கட்டணும். பறந்து வந்தப்புறம் அதைச் செய்ய முடியாது.

வண்ணாரப்பேட்டை மகள்
அளந்தாச்சு. முன்னாடி 512, பின்னாடி 521 மில்லிமீட்டர். வலது சின்ன சக்கரம் ரெண்டு தடவையும் தூக்கியே நிக்குது. திருவொற்றியூர்ல ஒருத்தர் 800 ரூபாய்க்கு வெல்டிங் வச்சு நிமிர்த்தித் தரேன்றார்.

தண்டையார்பேட்டை பட்டறை
தயவுசெஞ்சு கொடுக்காதீங்க. இரும்பு வண்டின்னா நிமிர்த்தலாம். அலுமினியக் குழாய் சூட்டுப் பதம் ஏத்தினது. வெல்டிங் சூடு பட்டா ஒட்டின இடத்துக்குப் பக்கத்துலயே பதம் இறங்கிடும், நாளைக்கு அப்பா உக்காந்திருக்கும்போது அங்கேதான் முறியும். ஜாயிண்ட்டுகிட்ட பெயின்ட்ல மயிரிழை மாதிரி கோடு தெரியுதான்னும் டார்ச் அடிச்சுப் பாருங்க, அது விரிசலா இருக்கும். இன்னொண்ணு, ஏர்லைன்ஸ் ஆள் பாக்கிறதுக்கு முன்னாடி கை வச்சா, அவங்க பாக்க ஒண்ணும் மிஞ்சாது.

வண்டி வாங்கின கம்பெனி டீலர்கிட்ட லெட்டர்ஹெட்ல எஸ்டிமேட் வாங்குங்க. சீரியல் நம்பர், ஒவ்வொரு பாகத்துக்கும் தனி விலை, "நிமிர்த்த இயலாது, மாற்ற வேண்டும்"ங்கிற ஒரு வரி, மூணும் இருக்கணும்.

வண்ணாரப்பேட்டை மகள்
மெயில் அன்னைக்கே போயிடுச்சு. இப்ப எஸ்டிமேட்டும் வந்துடுச்சு: வலது ஃபிரேம் ஆக்சில் தகட்டோட 14,800, ரெண்டு ஃபோர்க் 4,200, ஹேண்ட்ரிம் 2,900, கூலி 1,500. மொத்தம் 23,400. வாடகை வீல்சேர் 3 வாரத்துக்கு 1,800. ஏர்லைன்ஸ் தேய்மானம் கழிப்போம்னு எழுதியிருக்காங்க.

ராயபுரம் வழக்கறிஞர்
முழு 25,200ஐயும் கேளுங்க. கூலிக்கும் வாடகைக்கும் தேய்மானம்னு ஒண்ணு கிடையாது, அதைத் தனியா எழுதுங்க. 20,000ஐத் தாண்டின 5,200ஐத் தரமாட்டாங்க. அலட்சியத்துக்கும் மன உளைச்சலுக்கும் நுகர்வோர் ஆணையத்துல தனியா கேக்கலாம்ங்கிறது என் கருத்து. எல்லா ஆணையமும் ஒத்துக்கும்னு சொல்ல மாட்டேன்.

வவுச்சரை வாங்கினா கூடவே ஒரு தாள் நீட்டுவாங்க. அதுல "முழு மற்றும் இறுதித் தீர்வு"ன்னு இருந்தா கையெழுத்து போடாதீங்க.

கொருக்குப்பேட்டை ரமணி
ஆணையத்துல போட்டா மன்னிப்பும் சேத்து வாங்கித் தருவாங்க இல்லையா?

ராயபுரம் வழக்கறிஞர்
அதை நம்பி இருக்கக் கூடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தோட 39வது பிரிவுல இழப்பீடு, குறையைச் சரிசெய்றது, செலவுத் தொகை எல்லாம் பட்டியல்ல இருக்கு, மன்னிப்புக் கடிதம் இல்ல. அதனால அதைச் சமரசப் பேச்சுலயே வாங்கணும். "அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்"னு வர்றது மன்னிப்பில்ல. விமான எண், தேதி, எந்தப் பாகம் சேதம், "எங்கள் பொறுப்பில் இருந்தபோது சேதமடைந்தது"ங்கிற வரி, இதையெல்லாம் வச்சு வரைவை நீங்களே எழுதி அனுப்புங்க. கடைசி வரியில தயங்குவாங்க, பணத்தைப் பேசி முடிக்கிறதுக்கு முன்னாடியே அதைக் கேளுங்க.

பதில் சரியில்லைன்னா அவங்க நோடல் அதிகாரி, அப்புறம் மேல்முறையீட்டு அதிகாரி, கூடவே மத்திய அரசோட விமானப் பயணி புகார் தளமான ஏர்சேவா. அதுக்கும் மேல போகணும்னா நீங்க குடியிருக்கிற இடத்து ஆணையத்துலயே போடலாம், டெல்லிக்கு ஓட வேண்டாம். உங்களுக்குச் சென்னை வடக்கு மாவட்ட ஆணையம். நீங்க கட்டின டிக்கெட் தொகை 5 லட்சத்துக்குள்ள இருக்கிறதால கட்டணமில்ல. கெடு 2 வருஷம்.

வண்ணாரப்பேட்டை மகள்
வரைவு அனுப்பிட்டேன். 20,000க்கு ஒத்துக்கிட்டாங்க. கடிதத்துல "எங்கள் பொறுப்பில்"ங்கிற வார்த்தையை எடுத்துட்டு மறுபடி அனுப்பியிருக்காங்க. பணத்தை வாங்கிக்கிட்டு கடிதத்துக்கு மட்டும் தொடர்ந்து எழுதலாமா, இல்ல ரெண்டையும் நிறுத்தி வைக்கணுமா?

தண்டையார்பேட்டை பட்டறை
வாங்கி வண்டியைச் சரி பண்ணுங்கம்மா. வாடகை வண்டியோட அகலம் அப்பாவுக்கு ஒத்துவரலைன்னா தோள்தான் போகும். கழட்டின பாகத்தை மட்டும் பையில போட்டு வச்சிருங்க.

ராயபுரம் வழக்கறிஞர்
வாங்கலாம். ரசீதுல "பகுதித் தொகை, மீதிக் கோரிக்கைகள் நிலுவையில்"னு உங்க கையால எழுதிக் கையெழுத்து போடுங்க. அதை அவங்க ஏத்துக்கலைன்னா அப்ப இங்க சொல்லுங்க.