நாற்பது பேர் பேசினால் தீர்மானப் புத்தகத்தில் எதை எழுதுவது? கிராம சபை அனுபவங்கள்

உசிலம்பட்டிப் பக்கத்துச் செயலர்

நான் ஊராட்சிச் செயலராகச் சேர்ந்து எழுதிய முதல் பெரிய கூட்டம் 2023 மே 1. ஊரில் 2,400 சொச்சம் பேர். வந்து உட்கார்ந்தவர்கள் 230க்கு மேல். பள்ளிக்கூடத்துப் புங்க மரத்தடி, ஒரே மைக், அதுவும் கரகரவென்று. பேசியவர்கள் நாற்பதுக்குக் குறையாது. சொல்வதையெல்லாம் அப்படியே எழுதணும் என்று நினைத்து ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் கை விட்டுப்போனது. வடக்குத்தெரு அக்கா குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் ரேஷன் அரிசியைப் பிடித்துக்கொண்டார். அவரை அடக்கிவிட்டு மூன்றாமவர் நூறு நாள் வேலைச் சம்பள பாக்கிக்கு வந்துவிட்டார்.

ஆனால் மாட்டிக்கொண்டது இதில் இல்லை, கண்மாயில். அன்றைக்கு ரொம்ப நேரம் சண்டை அதில்தான். கடைசியில் நான் எழுதியது ஒரே வரி: "கண்மாயைத் தூர்வாரி மடையைச் சரிசெய்ய ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." இரண்டு மாதம் கழித்து ஒன்றிய அலுவலகத்தில் கேட்டார்கள், எந்தக் கண்மாய் என்று. எங்கள் ஊரில் இரண்டு இருக்கிறது. அது போதாதென்று, உள்வாயில் பயிர் வைத்திருக்கும் ஐந்து பேர் அன்று எழுந்து நின்று எதிர்த்தவர்கள். அதில் ஒரு பெரியவர் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "நான் எப்பம்மா ஒத்துக்கிட்டேன்? ஏகமனதுன்னு எழுதிருக்க?" பதில் சொல்ல முடியவில்லை. நீங்களெல்லாம் எப்படி எழுதுகிறீர்கள்?

பழைய கிளார்க்கு

தாயி, 31 வருஷம் இதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தீர்மானப் புத்தகத்தில் நேரடியாக எழுத உட்கார்ந்ததுதான் முதல் தப்பு. என்னிடம் எப்போதும் ஒரு நாற்பது பக்க நோட்டு தனியாக இருக்கும். பக்கத்தில் இரண்டு கோடு இழுத்து மூன்று பத்தி ஆக்கிக்கொள்வேன். முதலாவதில் பேசியவர் பெயரும் தெருவும். நடுவில் அவர் கேட்பது என்ன என்பது ஐந்தாறு வார்த்தையில். மூன்றாவதில் ஒரே ஓர் எழுத்து, அந்த வேலையை யார் செய்யணும் என்பதற்கு. ஊராட்சி என்றால் ஊ, ஒன்றியம் என்றால் ஒ, நீர்வளத்துறை நீ, மின்வாரியம் மி. அதே தண்ணீர்ப் பிரச்சினையை அடுத்தவரும் சொன்னால் புதிதாக எழுதமாட்டேன், பழைய வரிக்குப் பக்கத்தில் அவர் பெயரை மட்டும் சேர்ப்பேன். நாற்பது பேர் பேசினாலும் விஷயம் ஏழெட்டுக்கு மேல் தேறாது.

உங்கள் கண்மாயில் அந்த மூன்றாவது பத்திதான் விட்டுப்போனது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் பெரும்பாலும் நீர்வளத்துறைக் கையில் இருக்கும், அதற்குச் சின்னது ஒன்றியத்தின் பொறுப்பு. நீர்வளத்துறைக் கண்மாயை ஊராட்சி தூர்வாரும் என்று தீர்மானம் போட்டால் அது காகிதத்தோடு சரி. இப்படி எழுதியிருக்கலாம்: "பெரிய கண்மாயின் இரண்டாம் மடைக் கதவு உடைந்து தண்ணீர் வீணாகிறது. அதைச் சரிசெய்து தருமாறு நீர்வளத்துறை உதவிப் பொறியாளரைக் கேட்டுக்கொள்ளத் தீர்மானிக்கப்பட்டது. தூர்வாருவதற்கு உள்வாய்ச் சாகுபடிதாரர் ஐவர் ஆட்சேபம் தெரிவித்தனர்." புல எண்ணையும் சேர்த்துவிட்டால் எந்தக் கண்மாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒவ்வொரு பொருள் முடிந்ததும் மைக்கை வாங்கி, எழுதப் போகிற வரியைச் சத்தமாக வாசித்துவிடுங்கள். "இப்படி எழுதவா?" என்று கேளுங்கள். அதுவரை கத்தினவர்கள்கூட அந்த ஒரு நிமிஷம் வாயை மூடிக் கேட்பார்கள். எதிர்ப்பவர் அங்கேயே எதிர்ப்பார், உங்கள் வீட்டு வாசலுக்கு வர மாட்டார்.

செல்போன் செல்வம்

இந்தக் காலத்தில் எதற்கு இவ்வளவு பாடு? முழுசாக வீடியோ எடுத்துவிட்டால் யார் என்ன சொன்னார் என்பது அதிலேயே இருக்கிறதே. இன்னொன்று, ஊரில் பத்தில் ஒரு பங்கு ஆள் வராவிட்டால் தீர்மானமே செல்லாது. முதலில் அதைப் பாருங்கள்.

பழைய கிளார்க்கு

குறைவெண் வேண்டும் என்பது சரி தம்பி, கணக்குதான் அது இல்லை. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இவர்கள் ஊருக்கு 100 போதும், அன்று தாராளமாக இருந்தது. வீடியோவும் எடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மைக்குக்குத் தள்ளி நின்று பேசுகிற பொம்பளைகள் குரல் அதில் விழாது. மூன்று பேர் ஒன்றாகப் பேசின இடத்தை எத்தனை தரம் ஓட்டிப் பார்த்தாலும் இரைச்சல்தான் கேட்கும்.

கையெழுத்தைத்தான் கவனிக்கணும். நூறு நாள் வேலைக்கு வந்தவர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்தோ ரேகையோ வைத்துவிட்டுப் பாதியில் கிளம்பிவிடுவார்கள். கூட்டம் முடிந்த உடனே கடைசிக் கையெழுத்துக்குக் கீழே கோடு போட்டு, மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள். காலி வரி கிடந்தால் ராத்திரியில் அதில் ஆள் முளைக்கும். தீர்மானப் புத்தகத்தில் இடம் விட்டுக் கையெழுத்து வாங்குவதும் அதே கதைதான். "நீ கையெழுத்த வாங்கிக்க, பொறவு எழுதிக்கலாம்" என்று சொல்லாத தலைவர் குறைவு.

வார்டுவாசி, மதுரை

எங்கள் மாநகராட்சியில் 100 வார்டு. இங்கே பகுதி சபை நடக்கும். எங்கள் தெருச் சாக்கடை அடைப்பை இரண்டு கூட்டத்தில் சொன்னேன். குறிப்பில் "உறுப்பினர்கள் குறைகளைத் தெரிவித்தனர், கவனிக்கப்படும்" என்று ஒரே வரி. என் தெருப் பெயர்கூட இல்லை. அதன் நகலை எப்படி வாங்குவது? சாக்கடை இன்னும் அப்படியே இருக்கிறது.

மேலூர்க்காரி

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டுக் கேளுங்கள். ஆனால் எழுதாத ஒன்று நகலிலும் வராது. அடுத்த கூட்டத்துக்கு எழுதியே கொண்டுபோய், குறிப்பில் சேர்க்கச் சொல்லி அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

எங்கள் பக்கத்துக் கதை வேறு. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து இந்தச் சுற்றுவட்டாரத்தில் பல ஊராட்சிகள் தீர்மானம் போட்டன. ஓர் ஊரில் எழுதுவதற்கு உதவியாக நானும் உட்கார்ந்தேன். எதிர்த்துப் பேச ஒரு ஆள் கிடையாது, அதனாலேயே சிரமம். பேசின எல்லோருக்கும் தன் பேச்சு முழுசாக ஏறணும். முதல் வரைவில் "சுரங்கம் வேண்டாம்" என்றுதான் இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஏலம் போனது எது என்று பெயர் சொல்லி எழுதச் சொன்னார். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக், அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், இரண்டையும் சேர்த்தோம். பேச்சுகளையெல்லாம் ஒரு பத்தியில் அடக்கி, பேசியவர் பெயர்களைத் தனித்தாளில் இணைத்தோம். அதில் சமாதானம் ஆகாதவர்களும் உண்டு. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானபோது, தன் பெயர் விட்டுப்போனதை ஒருவர் மறுபடி கிளப்பினார்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. ஆட்சேபம் சொன்னவர்கள் பெயரைப் போடாமல் "ஐவர்" என்று விடுவது சரியா? நாளைக்கு அந்த ஐவர் யார் என்று எப்படித் தெரியும்?

பழைய கிளார்க்கு

பெயரைப் போட்டால் ஊரில் பகையாகும், போடாவிட்டால் மேலே நிற்காது. நான் இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறேன். அவரவர் கேட்டால் போடுவேன்.

உசிலம்பட்டிப் பக்கத்துச் செயலர்

ஆகஸ்ட் 15 கூட்டத்துக்கு மூன்று பத்தி நோட்டோடுதான் போனேன் ஐயா. இருபத்தெட்டுப் பேர் பேசியது ஆறு விஷயமாகச் சுருங்கியது. கண்மாய் வரியை மைக்கில் வாசித்தேன். அதே பெரியவர் எழுந்தார். என் கை தானாக நின்றுவிட்டது. "மடையச் சரி பண்ணட்டும், தூர்வாரத்தான் வேணாங்கேன். அத எழுது. என் பேர மட்டும் போடாத, தலைவர் எனக்கு மச்சினன்" என்றார், மைக்கிலேயே.