டம்ளரில் கம்பி விட்டுக் காட்டினார்கள்: வாட்டர் பியூரிஃபையர் அனுபவங்கள்

சுபா, பெரம்பூர்:
எங்கள் வீட்டுக்கு மெட்ரோ வாட்டர் மட்டும்தான், போர் கிடையாது. மீட்டரில் டிடிஎஸ் 280. ஆர்ஓ விற்க வந்தவர் ஒரு டம்ளரில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் தான் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர் ஊற்றி, கம்பிகள் நீட்டிய ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி ஸ்விட்சைப் போட்டார். கண்ணெதிரே எங்கள் டம்ளர் செம்பழுப்பாகி, சேறு மாதிரித் திரண்டது. அவருடையது அப்படியே தெளிவாக இருந்தது. "இதையா பேரனுக்குக் குடுக்கறீங்கம்மா?" என்று என் அம்மாவைக் கேட்டார். அம்மா உடனே முன்பணம் கொடுத்துவிட்டார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த யுவி இப்போது பரணில். அந்தச் சேறு உண்மையிலேயே எங்கள் தண்ணீரில் இருந்ததுதானா? அம்மா இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வாசு, மடிப்பாக்கம்:
இல்லைங்க. அது அந்தக் கம்பியின் இரும்பு. உப்பு கரைந்த தண்ணீரில் கரண்ட் ஓடும். ஓடினால் கம்பி அரித்துத் துருவாகக் கொட்டும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, கரண்ட் சரியாக ஓடாது, அதனால் தெளிவாக நிற்கிறது. அவருடைய டம்ளரிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போடச் சொல்லியிருந்தால் அதுவும் பழுப்பாகியிருக்கும். நான் சர்வீஸ் வேலையில் இருப்பவன், இதைச் செய்து பார்த்திருக்கிறேன். 280 என்பது குடிநீருக்கு ஐ.எஸ். 10500 சொல்லும் 500-க்கு நன்றாகவே கீழே. உங்கள் பகுதியில் பயப்பட வேண்டியது பழைய குழாயில் சாக்கடை கசிவதற்கு. கிருமிக்கு யுவி போதும். ஆனால் தண்ணீர் கலங்கி வந்தால் ஒளி ஊடுருவாது, முன்னால் இருக்கும் ஃபில்டரை அழுக்கு சேர விடாமல் மாற்றுங்கள்.

ராகவன், வேளச்சேரி:
வாசு சொல்வது மெட்ரோ வருகிறவர்களுக்குச் சரி. எங்கள் அபார்ட்மென்ட் முழுக்கப் போர் தண்ணீர், டிடிஎஸ் 1100. அதாவது கடினத் தண்ணீர். அசோசியேஷன் சாஃப்ட்னர் போட்டது. அதற்கு முன்னும் 1100, பின்னும் 1100! மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது மறக்கவே இல்லை. சாஃப்ட்னர் வேலை செய்யவில்லை என்று செயலாளரிடம் சொன்னால் "செய்யுது சார்" என்கிறார்.

கீதா, அண்ணா நகர்:
எங்களுக்கும் இதே பிரச்சினை, தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. ஆர்ஓ போட்டால் குளிக்கிற தண்ணீரும் சரியாகுமா?

வாசு:
கீதாம்மா, ஆர்ஓ சமையலறைக் குழாய்க்கு மட்டும்தான். ராகவன் சார், டிடிஎஸ் வேறு, கடினத்தன்மை வேறு. சாஃப்ட்னர் சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடும். உப்பின் மொத்த அளவு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும், மீட்டர் இறங்காது. சொட்டு மருந்து மாதிரி ஒரு டெஸ்ட் கிட் கிடைக்கும். சிவப்பு நீலமாக மாற எத்தனை சொட்டு என்று எண்ண வேண்டும். சாஃப்ட்னர் தண்ணீர் முதல் சொட்டிலேயே நீலமானால் அது ஒழுங்காக ஓடுகிறது.
ஆனாலும் உங்களுக்கு ஆர்ஓ வேண்டும். 1100-ல் உப்புக் கரிக்கும், யுவி உப்பைத் தொடாது. சாஃப்ட்னர் இருந்தால் மெம்பரேனில் சுண்ணாம்பு படியாது. புதிதில் 1100 உள்ளே போய் 90 வெளியே வந்தால் நல்லது. பிறகு அது 250-ஐத் தாண்டி, டேங்க் நிரம்பவும் நேரமானால், மெம்பரேன் படிவு கட்டிவிட்டது என்று அர்த்தம். டேங்க் மட்டும் மெதுவாகி, டிடிஎஸ் ஏறவில்லை என்றால் முதலில் ஃபில்டரையும் பம்பையும் பாருங்கள், மெம்பரேனை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பாலு, திருவொற்றியூர்:
280-க்கு ஆர்ஓ வேண்டாம் என்று அடித்துச் சொல்லாதீர்கள். எங்களுக்கு மழைக்காலத்தில் மெட்ரோ, கோடையில் லாரி. மெட்ரோ நாளில் தண்ணீர் சப்பென்று இருக்கிறதென்று மெக்கானிக் டிடிஎஸ் திருகைத் திறந்துவிட்டுப் போனார். ஆர்ஓ ஆகாத தண்ணீரையும் அது கொஞ்சம் கலக்கும். மே மாதம் லாரி வந்ததும் என் மாமனார் வாயில் வைத்த காபியைத் துப்பினார், அவ்வளவு உப்பு. சுபா, கோடையில் ஒருமுறை அளந்து பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். ஆர்ஓ தள்ளும் கழிவு நீரை வீணாக்காமல் பக்கெட்டில் பிடித்துத் தரை துடையுங்கள். செடிக்கு வேண்டாம், உப்பு மண்ணில் சேரும். 2019 கோடையில் நாங்கள் அதை வைத்துத்தான் கழிவறையைச் சமாளித்தோம்.

வாசு:
லாரி வரும் வீட்டுக்கு நீங்கள் சொல்வதே சரி. சுபா வீட்டில் லாரி வருகிறதா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

ராகவன்:
கிட் வாங்கி நேற்று பார்த்தேன். சாஃப்ட்னருக்கு முன்னால் 520, பின்னால் 480. வாட்ச்மேனிடம் கேட்டால், பொங்கலுக்குப் பிறகு உப்பு மூட்டையே வாங்கவில்லையாம். உப்புக் கரைசல் விட்டுக் கழுவினால்தானே அது திரும்ப வேலை செய்யும்? இப்போது செயலாளர், "மீட்டர்ல மாறவே மாறாதுன்னு வாசுவே சொல்றாரே" என்று அதே பதிவை எனக்கு அனுப்புகிறார்.