புக் செய்வதற்கு முன்னால் கேட்க வேண்டிய 30 நிமிடம் – என் அனுபவம்

கோபிக்காரன்
பிளஸ் டூ வரை கோபி பக்கம் தமிழ் மீடியம். இப்போது சரவணம்பட்டியில் வேலை. ஏடபிள்யூஎஸ் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வை முதல் தடவை எழுதியபோது நேரம் முடியும்போது 11 கேள்வி பாக்கி. 65 கேள்விக்கு 130 நிமிடம், அதாவது ஒன்றுக்கு இரண்டே நிமிடம். பாடம் தெரியாமல் இல்லை. ஒரு பத்தி நீளத்துக்குக் கதை சொல்லிவிட்டு, எது செலவு குறைவு, எது பராமரிப்பு குறைவு என்பதைக் கடைசி வரியில்தான் கேட்பார்கள். அதைப் பார்த்ததும் நான் மறுபடி முதல் வரிக்குப் போவேன். 691 வந்தது. வேண்டியது 720.

தோற்றால் 14 நாள் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில், இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவர்களுக்குக் கூடுதல் அரை மணி உண்டு என்று ஆபீசில் ஒரு அக்கா சொன்னார். சர்டிஃபிகேஷன் அக்கவுண்டில் Request Exam Accommodations என்ற இடத்தில் `ESL +30 MINUTES` தேர்வு செய்தேன். சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை, உடனே அப்ரூவ் ஆனது.

தப்பு செய்தது அதற்கு முன்னால். மறுதேர்வை ஏற்கனவே புக் செய்து வைத்திருந்தேன். அப்ரூவல் வந்த சந்தோஷத்தில் பழைய மெயிலைத் திறந்து பார்த்தால் நேரம் அதேதான். இந்தச் சலுகை அதற்குப் பின் செய்யும் புக்கிங்கில்தான் ஒட்டும். தேர்வுக்கு 24 மணி நேரத்துக்கு மேல் இருந்ததால் தப்பித்தேன். கேன்சல் செய்து புதிதாகப் போட்டேன், பணமும் திரும்பியது. கோவையில் அடுத்த வாரம்தான் இடம் கிடைத்தது. 160 நிமிடம், 764. ஒரு தடவை வாங்கினால் போதும், அடுத்தடுத்த தேர்வுக்கும் தானாகவே வரும்.

ஈரோட்டு மஞ்சள்
தம்பி, இதற்கெல்லாம் 40 சதவீத ஊனமுற்றோர் அட்டை வேண்டுமே? மணிக்கு 20 நிமிடம் என்று சட்டமே இருக்கிறது. அதைக் காட்டிக் கேட்டிருந்தால் முதல் தடவையே கிடைத்திருக்கும்.

திருப்பூர் அம்மணி
அண்ணா, அந்த 20 நிமிடம் சரிதானுங்க. ஆனால் அது நம் நாட்டுத் தேர்வுகளுக்கான வழிகாட்டுதல். தம்பி கேட்டது மொழிக்காக, அதற்கு அட்டையே வேண்டாம்.

எனக்குப் பார்வைக் குறைவு, இதே தேர்வுதான் எழுதினேன். நானும் முதலில் அட்டையைத்தான் ஸ்கேன் செய்து அனுப்பினேன், பலிக்கவில்லை. அட்டையில் இருப்பது சதவீதம் மட்டும். அவர்களுக்கு வேண்டியது, திரையில் படிக்கும்போது எனக்கு என்ன சிரமம், அதற்கு எது தேவை என்பது. கண் டாக்டரிடம் திரும்பிப் போய், 'சிறிய எழுத்தைப் படிக்க வழக்கத்தைவிட அதிக நேரம் ஆகிறது, பெரிய எழுத்தும் பாதி நேரம் கூடுதலும் வேண்டும்' என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கினேன். அப்புறம்தான் நகர்ந்தது. இது மொழிச் சலுகை மாதிரி உடனே வராது. எனக்குப் பதில் வரச் சில வாரம் ஆனது. அதனால் பதில் வரும் வரை தேர்வை புக் செய்யாமல் இருங்கள்.

தம்பி, ஒன்று சொல்லட்டுமா? அந்த 11 கேள்வியையும் காலியாக விட்டது வீண். தப்பான பதிலுக்கு மார்க் பிடிக்க மாட்டார்கள். ஏதாவது ஒன்றை அமுக்கியிருக்கலாம்.

கோபிக்காரன்
அக்கா, அது வெளியே வந்த பிறகுதான் தெரியுமுங்க 🙂

பொள்ளாச்சி இளநீர்
எனக்கு சுகர். கடலை மிட்டாய் உள்ளே கொண்டுபோக இதே இடத்தில்தான் கேட்க வேண்டுமா? தமிழிலேயே எழுத வழி இருக்கிறதா?

திருப்பூர் அம்மணி
தமிழில் இல்லைங்க, அதனால்தான் அந்த அரை மணி. மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்துக் காட்டினால் தனி அனுமதி இல்லாமல் விடுவார்கள். கடலை மிட்டாய் லாக்கரில்தான். நடுவில் சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால் டாக்டர் கடிதத்தோடு முன்கூட்டியே கேளுங்கள்.

கோபிக்காரன்
இன்னொன்று விட்டுப்போனது. வீட்டிலிருந்து எழுதுகிறவர்கள் உதட்டை அசைத்துப் படிக்காதீர்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே முணுமுணுத்துப் படித்தால்தான் இங்கிலீஷ் ஏறும். வீட்டில் மாதிரித் தேர்வு போடும்போதுதான் கவனித்தேன். கேமராவில் பார்ப்பவர் எச்சரிப்பார், சத்தமாகப் படித்தால் தேர்வையே நிறுத்தலாம். அதற்காகவே சென்டருக்குப் போனேன்.

அக்கா, உங்களுக்குக் கிடைத்த பாதி நேரத்தோடு இந்த 30 நிமிடமும் சேருமா?

திருப்பூர் அம்மணி
நான் ஒன்றைத்தான் கேட்டேன் தம்பி. இரண்டையும் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அடுத்த தேர்வு எனக்கு மார்கழியில்.