புது பேட்டரியோடு பழையதைச் சேர்த்தவர்கள் உண்டா?

மாடிவீட்டுக்காரன்: இன்வெர்ட்டருக்கு ஐந்து வருடப் பழைய பேட்டரியோடு புதியது ஒன்றை இணையாகப் பூட்டினேன். பூட்டுமுன் புதியது 12.8 வோல்ட், பழையது 12.2. கடைசி வயரை வைத்ததும் 'சடக்' என்று தீப்பொறி. அப்போது ஒரு விசிறிகூட ஓடவில்லை. பிறகு மீட்டர் 12.6 காட்டியது. சராசரி 12.5 அல்லவா?

கணக்குப்புலி: சராசரிதான் வரும். என் வீட்டில் ஒரே மாதிரி இரண்டு பேட்டரிகள், நட்டநடு எண் வந்தது. உங்கள் மீட்டரைப் பாருங்கள்.

குட்டி_சோலார்: இரண்டையும் சேர்த்தால் 24 ஆகாதா? எனக்கு அப்படித்தான் ஆனது.

பழைய_பட்டறை: நீங்கள் தொடராகப் பூட்டியிருக்கிறீர்கள் தம்பி, அது வேறு கதை. மாடிவீட்டுக்காரரின் மீட்டர் சரி. நடு எண் வர இரண்டின் உள்தடையும் சமமாக இருக்க வேண்டும். என் பட்டறையில் 50 ஆம்பியர் லோடு கொடுத்துப் பார்ப்பேன். புதியது அரை வோல்ட் இறங்கினால் உள்தடை 0.01 ஓம், கிழடு ஒரு வோல்ட் இறங்கினால் 0.02. உங்களுடையவையும் அப்படி என்றால், 0.6 வோல்ட் வித்தியாசத்தை மொத்தத் தடை 0.03 ஆல் வகுங்கள். 20 ஆம்பியர், லோடே இல்லாமல் புதியதிலிருந்து பழையதுக்குள் ஓடுகிறது. அதில் புதியது 0.2 இழந்து 12.6க்கு இறங்கும், பழையது 0.4 ஏறி அதே 12.6க்கு வரும். தடை குறைந்த பேட்டரி பக்கம்தான் எண் சாயும்.

மாடிவீட்டுக்காரன்: கரண்ட் போனால் பழையது உதவுமா?

பழைய_பட்டறை: 30 ஆம்பியர் லோடில் முனையில் 12.4 வோல்ட் இருக்கும். புதியது 40 தரும். அதில் 10 பழையதன் வயிற்றுக்குள் போகும்! 60 ஆம்பியரில் முனை 12.2க்கு வரும்போதுதான் அது சாப்பிடுவதை நிறுத்தும். அதற்கு மேல்தான் கை கொடுக்கும்.

ஈரோடு_வயர்மேன்: எனக்கும் 0.6 வித்தியாசம்தான் இருந்தது. கிளாம்ப் மீட்டரில் 6 ஆம்பியரே வந்தது. உங்கள் 20 ஏட்டுச் சுரைக்காய்.

பழைய_பட்டறை: அப்படியானால் மொத்தத் தடை 0.1 ஓம். வயர் முனையில் பச்சை பூத்திருக்கிறதா? இரண்டு பேட்டரிகளின் ஈயக் குமிழ்களிலேயே நேராக மீட்டரை வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு எண் காட்டினால் மிச்சத் தடை வயரிலும் இணைப்பிலும் இருக்கிறது.

ஈரோடு_வயர்மேன்: பார்த்தேன். 12.7, 12.3. பச்சையும் இருக்கிறது. ஆனாலும் உங்கள் கணக்கு முதல் நொடிக்குத்தான் செல்லும். சார்ஜ் ஏற ஏறப் பழையதன் வோல்ட் கூடி, ஓட்டம் இறங்கிவிடும்.

பழைய_பட்டறை: அது உண்மை. எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை ஒவ்வொரு பேட்டரியிலும் அளந்துதான் பார்க்க வேண்டும்.

மாடிவீட்டுக்காரன்: இன்று கிளாம்ப் மீட்டரை இரவல் வாங்கிவந்தேன். பழையதைக் கழற்றி இரவு முழுக்கத் தனியே வைத்துவிட்டு மறுபடி பூட்டினேன். முதலில் 17, பத்து நிமிடத்தில் 9, ஒரு மணி நேரம் கழித்தும் 4க்குக் கீழே இறங்கவில்லை. அது ஏன்?