தண்ணிக்குள்ள மறைஞ்ச பழுப்புப் புகை மேல வந்து மறுபடி பழுக்குது, ஏன்?

கொழிஞ்சாம்பாறை பட்டறை
பழைய நகையில இருந்து தங்கம் பிரிக்கிற சின்னப் பட்டறைங்க நம்மளுது. வெள்ளி சேர்த்து உருக்கி நைட்ரிக் ஆசிட்டுல போட்டா வெள்ளி கரைஞ்சுரும், தங்கம் அடியில நிக்கும். அந்த நேரத்துல வர்ற பழுப்புப் புகையால அக்கம்பக்கத்துல சண்டை. பாத்திரத்தை மூடி, குழாய் வெச்சு, ரெண்டு டிரம் தண்ணிக்குள்ள விட்டேன். குழாய் வாயில குமிழி பழுப்பா இருக்குது, மேல ஏறும்போது நிறமே போயிருது. அப்பாடான்னு பாத்தா, தண்ணிக்கு மேல ஒரு ஜாண் போனதும் காத்துல மறுபடி பழுப்பு. ரெண்டாவது டிரம்முலயும் இதே கதைதான். யாராச்சும் இதைப் பாத்திருக்கீங்களா?

நல்லேப்பிள்ளி விவசாயி
தண்ணி ஆசிட் ஏறி நிறைஞ்சிருக்கும், மாத்துங்க. நைட்ரஜன் ஆக்சைடு எல்லாமே அமிலம்தான். காஸ்டிக் சோடா கரைச்சு வெச்சா மொத்தமும் நின்னுரும்.

வாளையார் ரிட்டயர்டு
காஸ்டிக் பாதிக்குத்தான் உதவும் தம்பி. நான் வடக்கே ஒரு நைட்ரிக் ஆசிட் ஆலையில ஷிப்ட் ஆபரேட்டரா இருந்தவன். பட்டறைக்காரர் ரெண்டு டிரம்முல பாக்குறதைத்தான் நாங்க உயரமான கோபுரத்துல நாள் முழுக்கப் பாத்தோம்.

பழுப்பா இருக்கறது NO₂. அது தண்ணியில முழுசா ஆசிட்டா மாறாது. மூணு பங்கு போனா ரெண்டு பங்குதான் நைட்ரிக் ஆசிட் ஆகும், மூணாவது பங்கு NO-வாத் திரும்பி வெளிய வரும். NO-வுக்கு நிறம் கிடையாது, தண்ணியிலயும் அவ்வளவாக் கரையாது. காத்துல ஆக்சிஜனைப் பாத்ததும் மறுபடி NO₂. உங்க ஒரு ஜாண் கணக்கு அதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 27 லிட்டர் பழுப்புப் புகை போனா 9 லிட்டர் NO வெளிய வரும். அது காத்தோட சேர்ந்து 9 லிட்டர் பழுப்பாகி அடுத்த தண்ணியில போனா 3 லிட்டர் மிஞ்சும், அதுக்கடுத்து 1. ஆனா நடுவுல காத்து இல்லாம டிரம்முக்கு டிரம் நேரா குழாய் மாட்டினா, NO அப்படியே ரெண்டாவது தண்ணியையும் தாண்டிரும். எத்தனை டிரம் வெச்சும் பிரயோஜனமில்ல.

அத்திக்கோடு அக்கா
பல் பிடுங்கும்போது எனக்கு நைட்ரஸ் ஆக்சைடு குடுத்தாங்க. அதுவும் இதே ஆக்சைடுதானே? அப்ப நுரையீரல்ல ஆசிட் ஆகியிருக்குமா? ரெண்டு நாளா பயமா இருக்குங்க.

சித்தூர் டீச்சர்
பயப்படாதீங்க அக்கா, அது N₂O. தண்ணியோட சேர்ந்து எந்த அமிலமும் தராது. நைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் மூணும் ஒரே நேர்க்கோட்டுல நிக்கும், எல்லா எலக்ட்ரானும் ஜோடியா இருக்கும். உடம்புக்குள்ள போனபடியே மூச்சுல வெளிய வந்துரும். NO-வும் நடுநிலைதான். "எல்லாமே அமிலம்"னு விவசாயி அண்ணா சொன்னது இந்த ரெண்டுக்கும் பொருந்தாது.

NO₂ சங்கதி வேற. வளைஞ்ச மூலக்கூறு, நைட்ரஜன் பக்கம் ஒரு எலக்ட்ரான் ஜோடி இல்லாம நிக்குது. அதனால ரெண்டு NO₂ நைட்ரஜனோட நைட்ரஜன் ஒட்டி N₂O₄ ஆகும், அதுக்கு நிறமில்ல. அந்தப் பிணைப்பு நீளமானது, பலவீனமானது. கொஞ்சம் சூடு பட்டாலே பிரிஞ்சு பழுப்பு திரும்பிரும். தண்ணியில போனா நைட்ரிக், நைட்ரஸ்னு ரெண்டு அமிலம் வரும். நைட்ரஸ் அமிலம் நிலைக்காது, உடைஞ்சு பாதி வழியில NO-வை வெளிய விடும். வாளையார் அண்ணா சொன்ன மூணுல ஒரு பங்கு அங்க இருந்துதான் வருது. தண்ணியோட சேர்ந்து முழுக்க நைட்ரிக் அமிலம் மட்டுமே தர்றது N₂O₅. அது பட்டறையில வராது.

கொழிஞ்சாம்பாறை பட்டறை
டீச்சர், ஒரு சந்தேகம். ஆசிட் அமோனியாவுல இருந்து வருதுன்னு கடைக்காரர் சொல்றார். அமோனியா காரமாச்சே?

வாளையார் ரிட்டயர்டு
எரிச்சுத்தான் அமிலமாக்குறோம். காத்துல பத்துல ஒரு பங்கு அமோனியா கலந்து, பிளாட்டினமும் ரோடியமும் சேர்ந்த கம்பி வலை வழியா விடுவோம். பட்டுத்துணி மாதிரி மெல்லிசு, பல அடுக்கு. பார்வைக் கண்ணாடியில பாத்தா ஆரஞ்சா ஜொலிக்கும், 850-லிருந்து 900 டிகிரி வரைக்கும். வலையில வாயு நிக்கற நேரம் ஒரு நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு அளவுதான். அதுக்குள்ள அமோனியா NO ஆகணும். சூடு குறைஞ்சா வெறும் நைட்ரஜனும் N₂O-வும் வரும், அமோனியா வீண். அந்த N₂O நடுநிலைன்னு டீச்சர் சொன்னாங்கல்ல, அதனாலதான் கோபுரத் தண்ணியில பிடிபடாம சிம்னி வழியாப் போயிரும். கண்ணுக்கே தெரியாது.

அமோனியா விகிதம் கூடினா வெடிக்கும். அதனால எல்லையைத் தாண்டினா வால்வு தானா மூடிரும்.

எங்க ஆலையில ஒரு தடவை வலையில ஓட்டை. எரியாத அமோனியா தாண்டிப் போய், குளிர்ந்த குழாய்க்குள்ள வெள்ளையா உப்புப் படிஞ்சிருந்தது. அம்மோனியம் நைட்ரேட், நைட்ரைட் கலவை, வெடிக்கக்கூடியது. மேலதிகாரி ஷிப்ட் முடியட்டும்னார். சீனியர் ஒருத்தர் கேக்காம நிறுத்திட்டார். நிறுத்தினதாலதான் நான் இன்னைக்கு இதை டைப் பண்றேன்.

NO வந்தப்புறம் குளிர வைக்கறதுதான் பெரிய வேலை. சாதாரணமா சூடாக்கினா வினை வேகமாகும். NO-வும் ஆக்சிஜனும் சேர்றது தலைகீழ், குளிர்ந்தாத்தான் வேகம். NO பத்துல ஒண்ணாக் குறைஞ்சா அதே அளவு மாற்றத்துக்குப் பத்து மடங்கு நேரம் வேணும். கடைசித் துளியைப் பிடிக்கத்தான் அவ்வளவு உயரக் கோபுரம், அத்தனை அழுத்தம். ஏப்ரல், மே மாசம் குளிர்விக்கிற தண்ணி சூடாகும்போது சிம்னி வாய் மஞ்சளாத் தெரியும், ஊர்க்காரங்க போன் வரும்.

சூளூர்ப்பேட்டை லாரி
டீச்சர் சொன்ன N₂O₄-ஐ எங்க ஊர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ஸ்ரீஹரிகோட்டாவுல பிஎஸ்எல்வி ரெண்டாம் கட்டத்துக்கு அதுதான் ஆக்சிஜன் குடுக்கற திரவம். 21 டிகிரியிலயே கொதிச்சுடும், நம்ம வெயிலுக்கு அழுத்தத்துல அடைச்சு வெச்சாத்தான் திரவமா நிக்கும். கசிஞ்சா செம்பழுப்பா மேகம். நான் வேற கெமிக்கல் லாரி ஓட்டறவன், ஆனா டிரெய்னிங்ல இதை மண்டையில ஏத்துனாங்க: மூச்சுல போன உடனே லேசா இருமல்தான் வரும், சரியாப் போச்சுன்னு வீட்டுக்குப் போய்ப் படுப்பான், பல மணி நேரம் கழிச்சு நுரையீரல்ல நீர் கோத்துக்கும். பட்டறையில யாருக்காவது புகை பட்டா, நல்லா இருக்கேன்னு சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. என்ன புகைன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க.

கொழிஞ்சாம்பாறை பட்டறை
அது நெனச்சே பாக்கலைங்க அண்ணா, ரொம்ப நன்றி. இருமினா டீ குடிச்சுட்டு வேலை பாப்போம்.

ரெண்டு டிரம்முக்கு நடுவுல ஒரு காலி டிரம் வெச்சு, மீன்தொட்டி பம்புல காத்து விட்டேன். காலி டிரம்முக்குள்ள நல்லாப் பழுக்குது, ரெண்டாவது தண்ணியைத் தாண்டி வர்றது வெளிர்மஞ்சள்தான். கடைசியில காஸ்டிக் வெச்சிருக்கேன்.

சித்தூர் டீச்சர்
நல்லது. NO-வும் NO₂-வும் சரிபாதியா வந்தா காஸ்டிக் ரெண்டையும் பிடிச்சு நைட்ரைட் ஆக்கிரும். தனி NO வந்தா பிடிக்காது, அதனால காலி டிரம்மை எடுத்துராதீங்க. ஆசிட்டைப் பாதிக்குப் பாதி தண்ணி கலந்தும் பாருங்க. அதே வெள்ளிக்கு வாயு மூணுல ஒண்ணாக் குறையும், ஆசிட் செலவும் மூணுல ஒரு பங்கு மிச்சம். நேரம் கூடும், லேசா சூடாக்கணும். ஆசிட்டைத் தண்ணியில ஊத்துங்க, தண்ணியை ஆசிட்டுல வேண்டாம்.

நல்லேப்பிள்ளி விவசாயி
ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தா புகையே வராதுன்னு கோயமுத்தூர்ல ஒரு ஆசாரி சொல்றாரே?

வாளையார் ரிட்டயர்டு
குறையும், உண்மை. ஆனா சூடான பாத்திரத்துல ஊத்தினா பொங்கி முகத்துக்கு வரும். எனக்கு ஒப்புதல் இல்ல.

சித்தூர் டீச்சர்
குளிர வெச்சு, சொட்டுச் சொட்டா விட்டா செய்யலாம்னு நான் நெனைக்கறேன் அண்ணா. பட்டறை அளவுல செஞ்சு பாத்தவங்க யாராவது எழுதுங்களேன்.