ஃபைப்ரோமயால்ஜியா: ‘தசைநார் அழற்சி’ என்று போடலாமா?

கதிரவன்:
நண்பர்களே, நம் கலைச்சொல் பட்டியலில் ஃபைப்ரோமயால்ஜியாவுக்குத் ‘தசைநார் அழற்சி’ என்று போட்டிருக்கிறேன். உடம்பெல்லாம் வலி, அசதி, தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு. மறுப்பு இல்லையென்றால் முடித்துவிடலாம்.

மரு. நிலா:
‘அழற்சி’ வேண்டாம். 1904இல் ஆங்கிலேய மருத்துவர் கவர்ஸ் ‘ஃபைப்ரோசைடிஸ்’ என்று பெயரிட்டபோது அழற்சிதான் காரணம் என்று நினைத்தார்கள். அது பிறகு நிற்கவில்லை. நரம்பு மண்டலம் வலியைப் பெருக்கிக் காட்டுகிறது என்பதே இன்றைய எண்ணம். ரத்தத்தில் அழற்சி தெரிந்தால் நாங்கள் வேறு நோயைத்தான் முதலில் தேடுவோம்.

ஒரு மாதிரிக்கு, 42 வயது ஆசிரியை என்று வையுங்கள். கழுத்திலிருந்து தொடைவரை எட்டு மாத வலி. குந்தியவர் கையூன்றாமல் எழுந்துவிடுகிறார். வலிக்கிறது, ஆனால் வலு குறையவில்லை. மூட்டில் வீக்கமில்லை. அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், தைராய்டு, தசைச் சிதைவைக் காட்டும் சிபிகே எல்லாம் சரி. வைட்டமின் டி மட்டும் குறைவு, 11. பலர் இங்கேயே ‘காரணம் கிடைத்துவிட்டது’ என்று நிறுத்திவிடுவார்கள். நம் ஊரில் அது குறைவாக இருப்பவர்கள் ஏராளம். இவருக்குக் கால்சியமும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் சரியாக இருப்பதால் எலும்பு மென்மையாகும் நோய் என்று சொல்ல முடியாது. டி கொடுத்து அளவு ஏறிய பிறகும் வலி அப்படியே இருக்கிறது. குறட்டை, மூச்சடைப்பு உண்டா என்று வீட்டாரிடம் கேட்டாயிற்று, இல்லை. அப்புறம் எண்ணிப் பார்த்தால், இந்த நோய்க்கான விதி சொல்லும் 19 இடங்களில் 12இல் வலி. களைப்பு, தூக்கம், மறதி முதலான அறிகுறிகளுக்கான மதிப்பெண் 12க்கு 9. பெயர் சொல்ல இது போதும். முகத்தில் தடிப்போ வாய்ப்புண்ணோ இல்லாதபோது, லூபஸ் போன்ற நோய்களைத் தேடும் ஏஎன்ஏ பரிசோதனை தேவையில்லை. நலமாக இருப்பவர்களுக்கும் அது பாசிட்டிவாக வந்து வீண் பயம் கிளப்பும்.

செல்வராசு:
எங்கள் பக்கம் இதை ‘மேல்வலி’ என்போம், அதையே வைக்கலாமே! எனக்கு 68 வயது. ஒரு மாதமாகக் காலையில் இரண்டு தோளும் இடுப்பும் இறுகிக்கொள்கின்றன, ஒரு மணி நேரம் கையைத் தூக்க முடியாது. எனக்கும் இதுதானாம்மா?

மரு. நிலா:
ஐயா, உங்கள் வயதில் புதிதாக இப்படி வந்தால் வேறு நோயாக இருக்கலாம். இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து, அழற்சி உண்டா என்று காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி எடுங்கள். கொழுப்பு மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். புதுத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் இருந்தால் இன்றே போங்கள்.

கதிரவன்:
சரி, அழற்சியை நீக்கிவிட்டேன். எல்லாவற்றையும் விலக்கியபின் மிஞ்சுவதுதானே இது? ‘காரணமறியா உடல்வலி’ எப்படி?

மரு. நிலா:
இல்லை. முடக்குவாதம் உள்ளவருக்கும் இது கூடவே வரலாம். இந்த நோயைக் கண்டறிய 2016இல் திருத்திய விதி அதை வெளிப்படையாகவே ஏற்கிறது. எனக்குப் பிடித்தது ‘நெடும்பரவு வலி’. ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் பல இடங்களில் வலிக்கிற எல்லோருக்கும் அது பொருந்திவிடும், இந்த நோய் இல்லாதவர்களுக்கும்.

கதிரவன்:
அப்படியானால் இப்போதைக்கு ஒலிபெயர்ப்பையே விடுகிறேன். ‘பரவு தசைவலி’ பற்றி யாராவது சொல்லுங்கள்.

செல்வராசு:
நாளைக்கே போகிறேன் அம்மா. மேல்வலியை மறந்துவிடாதீர்கள்.